மோட்டார் கரண்டைத் தின்பது எது? புட்வால்வு, பைப், கெபாசிட்டர்
(ஒட்டன்சத்திரம் வட்டார உழவர் குழுக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கங்க. கரண்ட் இலவசம்தானே, எதுக்கு மிச்சம் பிடிக்கணும்னு சிலர் நினைக்கலாம். பில் வராதுங்கிறது சரி. ஆனா மும்முனை வர்றது சில மணி நேரம்தான். அதுக்குள்ள எத்தனை தொட்டி ரொம்புது, காயில் புகையாம இருக்கா, டிரான்ஸ்பார்மர்ல பியூஸ் நிக்குதாங்கிறதுதான் நம்ம கணக்கு.

கிணத்து மோட்டார்ல இருந்து ஆரம்பிப்போம். தினமும் தண்ணி ஊத்தித்தான் மோட்டார் போடறீங்கன்னா புட்வால்வு வாஷர் தேஞ்சிருக்கு, இல்ல குப்பை சிக்கியிருக்கு. அது கண்ணுக்குத் தெரியுற கோளாறு. தெரியாத கோளாறு ஒண்ணு இருக்கு: தண்ணி நிக்கும், ஆனா உள்ள வழி குறுகல். கைக்கு அடக்கமா, கனமா, சல்லடை ஓட்டை சின்னதா இருக்குற மலிவு வால்வுல தண்ணி இழுக்கவே 2 மீட்டர் உயரத்துக்கு ஏத்துற சக்தி வீணாகும். ஐஎஸ்ஐ முத்திரை போட்ட, உராய்வு குறைஞ்ச வால்வுல அது கால் மீட்டர்தான். சல்லடை ஓட்டைகளோட மொத்தப் பரப்பு பைப் வாய்ப் பரப்பைப் போல ரெண்டரை மடங்காவது இருக்கட்டும். சேத்துல இருந்து ரெண்டடி மேல, தண்ணி மட்டத்துக்கு மூணடி கீழ தொங்கணும். கோடையில மட்டம் இறங்கினா காத்து இழுக்கும். அப்பப்போ பாத்து இறக்குங்க.

சக்ஷன் பைப்பை டெலிவரியைவிட ஒரு சைஸ் பெரிசாப் போடுங்க. பம்பு வாயில ரெடியூசர் வந்தா அதோட தட்டையான பக்கம் மேல இருக்கணும், இல்லாட்டி காத்து அங்க தங்கிடும். தண்ணி மட்டத்துக்கும் பம்புக்கும் இடையில 6 மீட்டருக்கு மேல வேண்டாம்.

அடுத்தது பைப். பணம் போறது இங்கதான், அதனால கொஞ்சம் கணக்கோட சொல்றேன். 5 ஹெச்பி மோட்டார், நொடிக்கு 8 லிட்டர் தண்ணி, 100 மீட்டர் பிவிசி பைப். உள்விட்டம் 65 மி.மீ. இருந்தா உராய்வுல போறது ஏறக்குறைய 9 மீட்டர் உயரத்துக்கு ஏத்துற சக்தி. 80 ஆனா மூணேகால். 100 ஆனா ஒரு மீட்டர்தான். துருப்பிடிச்ச பழைய இரும்புக் குழாயா இருந்தா இது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஏத்த வேண்டிய உயரம் 20 மீட்டர்னு வைங்க. பழைய வால்வு, 65 பைப்போட பம்பு தள்ளுறது 31 மீட்டர். நல்ல வால்வு, 80 பைப்போட 24 மீட்டருக்குள்ள. அதே தண்ணிக்கு நாலுல ஒரு பங்கு வேலை குறையுது. பைப் வாங்கும்போது வெளிவிட்டத்தை நம்பாதீங்க, உள்விட்டத்தை ஸ்கேல் வெச்சு அளங்க. எல்போவுக்குப் பதிலா நீள வளைவு பெண்ட் போடுங்க. டெலிவரி வாயைத் தொட்டி விளிம்புக்கு மேல ஆறடி தூக்கி வைக்கிறது அழகா இருக்கும். அந்த ஆறடியும் மோட்டார் தலையிலதான்.

ஒரு எச்சரிக்கை: பைப் மாத்தினதும் பம்புக்கு எதிர்ப்பு குறையும், தண்ணி கூடும், ஆம்ப்ஸும் கூடலாம். மோட்டார் பிளேட்ல போட்டிருக்கிற ஆம்ப்ஸைத் தாண்டினா உங்க பம்பு அதிக உயரத்துக்கானது. டெலிவரி வால்வை மூடி ஓட்டினா மறுபடி கரண்ட் வீண். இம்பெல்லரைக் கடையில கொடுத்து அளவா கடைஞ்சுக்கங்க, இல்ல பம்பையே மாத்துங்க. போர்வெல் சப்மெர்சிபிளுக்குப் புட்வால்வு பேச்சு கிடையாது, பைப்பும் கெபாசிட்டரும் பொருந்தும்.

கெபாசிட்டர் போட்டா யூனிட் பாதியாகும்னு விக்கிறவங்க சொல்வாங்க. நம்பாதீங்க. மோட்டார் எடுக்குற யூனிட் அப்படியேதான் இருக்கும். லைன்ல ஓடுற ஆம்ப்ஸ்தான் குறையும்: 5 ஹெச்பிக்கு 8 ஆம்ப்ஸ்னா 7க்குக் கீழ வரும். கம்பி சூடு குறையும், வோல்டேஜ் கொஞ்சம் தூக்கும், ஒரே டிரான்ஸ்பார்மர்ல இருக்குற எல்லாரும் போட்டாத்தான் பலன் நல்லாத் தெரியும். கெபாசிட்டர் அளவு 3 ஹெச்பிக்கு 1, 5க்கு 2, 7.5க்கு 3, 10க்கு 4 கேவிஏஆர். இதுக்கு மேல போட்டா மோட்டாரை நிறுத்தும்போது வோல்டேஜ் எகிறி காயில் கெடும். ஸ்டார்ட்டருக்கு அப்புறம், மோட்டார் பக்கம் இணைக்கணும். மோட்டார் நிக்கும்போது அதுவும் நிக்கணும். ஸ்டார் டெல்டாவா இருந்தா மெயின் காண்டாக்டர் வெளியே வர்ற மூணு வயர்ல. ஓவர்லோடு ரிலே வழியா ஓடுற ஆம்ப்ஸ் குறைஞ்சா ரிலே செட்டிங்கையும் அதுக்கேத்தபடி குறைக்கச் சொல்லுங்க. தொடுறதுக்கு முன்னாடி மெயினை நிறுத்தி, பியூஸ் கேரியரை உருவி, அஞ்சு நிமிஷம் பொறுத்து டெஸ்டர்ல பாருங்க. ரெண்டு பேஸ்ல மோட்டார் ஓட்ட வெக்கிற கண்டென்சர் வேற சமாச்சாரம். அது காயிலைத்தான் எரிக்கும்.

வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் 200 லிட்டர் டிரம் ரொம்ப எத்தனை நொடின்னு பாருங்க. நொடிக்கு 8 லிட்டர்னா 25 நொடி. கூடவே கிளாம்ப் மீட்டர்ல மூணு பேஸ் ஆம்ப்ஸையும் எழுதி வெச்சுக்கங்க. குழுவுக்கு ஒரு கிளாம்ப் மீட்டர் வாங்கினாப் போதும், கிணறு கிணறாக் கொண்டு போகலாம். கைப்பணம் கம்மியா இருந்தா முதல்ல புட்வால்வு, அப்புறம் கெபாசிட்டர், பைப் கடைசியில. ஆனா பைப் 100 மீட்டருக்கு மேல நீளமும் 65 மி.மீ. விட்டமுமா இருந்தா வரிசையைத் திருப்பிப் போடுங்க.