அறுபத்து மூவர் உற்சவம்: பந்தல் இடம் மாறுகிறது, தொண்டர்கள் தேவை

மயிலை கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளான ஏப்ரல் 10, வியாழக்கிழமை, அறுபத்து மூவர் உலா. எங்கள் அறக்கட்டளையின் நீர்மோர்ப் பந்தலும் அன்னதானமும் இந்த ஆண்டும் உண்டு. ஆனால் இனி மாடவீதியின் ஓரத்தில் நிற்க மாட்டோம். தெற்கு மாடவீதியிலிருந்து உள்ளே திரும்பும் குறுக்குத் தெருவில், சுவாமி வரும் பாதையை விட்டு நாற்பது அடி தள்ளிப் பந்தல் போடுகிறோம். வாழைமரமும் பச்சைத் துணிப் பதாகையும் கட்டியிருக்கும்.

ஏன் மாற்றம் என்று அன்பர்கள் பலர் கேட்கிறார்கள். உலாப் பாதையிலேயே உணவு கொடுத்தால் வாங்குகிற கூட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது. பின்னால் வருகிறவர்கள் நெரிபடுகிறார்கள். ஒரு தொன்னை சாம்பார் சாதம் கீழே கொட்டினால் அடுத்த ஐந்து நிமிடத்தில் அது தார்ச்சாலை முழுக்க வழுக்கலாகப் பரவிவிடும். அதன் மேல்தான் ஸ்ரீபாதம் தாங்கிகள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். தோளில் விமானத்தின் பாரம், கீழே ஏப்ரல் வெயிலில் கொதிக்கும் சாலை, முன்னால் இருப்பவரின் முதுகைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத நெருக்கம். அவர்களில் ஒருவர் கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே மனம் பதறுகிறது. பசித்தவருக்குச் சோறு கொடுப்பது எவ்வளவு புண்ணியமோ, சுவாமியைச் சுமப்பவரின் பாதையைச் சுத்தமாக வைப்பதும் அவ்வளவு புண்ணியம் என்று நம்புகிறோம். வண்டியின் மேல் நின்று பொட்டலங்களை வீசுவது, ஊர்வலத்துக்குள் புகுந்து கொடுப்பது, இரண்டும் வேண்டாம் என்று மற்ற பந்தல்காரர்களையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

பந்தலில் காலை 9 மணி முதல் நீர்மோரும் பானகமும் கிடைக்கும். காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை அன்னதானம். உலா நடக்கும் நேரத்தில் சோறு கிடையாது, மோரும் தண்ணீரும் மட்டும்தான். இரவு 8 மணிக்கு மேல், வீதி ஓய்ந்த பிறகு, வெண்பொங்கல். மோரில் கடை ஐஸ் சேர்ப்பதில்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், மண்பானை, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், அளவாக உப்பு, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பைகளும் அதில் அடங்கும். ஆகவே மோருக்கு எவர்சில்வர் டம்ளர், சாதத்துக்குப் பாக்குமட்டைத் தொன்னை. தண்ணீருக்கு உங்கள் பாட்டிலைக் கொண்டுவாருங்கள், நிரப்பித் தருகிறோம்.

இப்போது தொண்டர்கள். மொத்தம் 120 பேர் வேண்டும். இதுவரை 70 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கரண்டி பிடித்துப் பரிமாற ஆள் குறைவில்லை. குறைவது டம்ளர் கழுவுகிற இடத்தில். அறுநூறு டம்ளர்கள் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும். மூன்று அண்டாக்கள்: முதலாவதில் அலசல், இரண்டாவதில் தேய்ப்பு, மூன்றாவதில் வெந்நீர். அங்கே ஒருவர் அரை மணி நேரம் எழுந்து போனால் மோர் வரிசை அப்படியே நின்றுவிடும். பந்தலுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நடக்கும் வேலை இது. இதற்கென்று இரண்டு மணி நேரம் தருபவர்களை முதலில் சேர்த்துக்கொள்வோம். அடுத்த தேவை, மாலை 6 மணிக்குப் பிறகு வீதியைப் பெருக்கவும் குப்பையைத் தரம் பிரித்து மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களிடம் ஒப்படைக்கவும் 25 பேர். நம் குப்பையை அவர்கள் தலையில் சுமத்தக் கூடாது.

தொண்டர்களுக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். பருத்தி ஆடையே நல்லது. நகை வேண்டாம். அடுப்பருகே தளர்ந்த துப்பட்டா, அங்கவஸ்திரம் வேண்டாம். செவிலியர், முதலுதவிப் பயிற்சி பெற்றவர்கள் முன்வந்தால் பெரும் உதவி. பந்தலில் இரண்டு கட்டில்களும் உப்பு சர்க்கரைக் கரைசலும் தயாராக இருக்கும்.

கூட்ட நேரம் பற்றி. காலையில் குளக்கரையில், பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி உயிர்ப்பித்த நிகழ்ச்சி நடைபெறும். ‘பங்குனி உத்திர நாள்’ விழாவைக் காணாமல் போகலாமா என்று சம்பந்தர் அவளைக் கேட்டதே இந்த ஊர்த் திருவிழாவைப் பற்றித்தான். காலையில் கூட்டம் மிதமாகவே இருக்கும். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் வருகிறவர்கள் அந்த நேரத்தில் வந்து, தரிசனம் முடித்து, வெயில் ஏறுமுன் வீடு திரும்புவது உத்தமம்.

உலா பிற்பகல் மூன்று மணியை ஒட்டிப் புறப்படும். மூன்றரையிலிருந்து ஏழு மணி வரை நான்கு மாடவீதிகளிலும் நெரிசல் உச்சத்தில் இருக்கும். எல்லோரும் கிழக்குக் கோபுர வாசலிலேயே பார்க்க வேண்டும் என்று வருவதால்தான் அங்கே மூச்சு முட்டுகிறது. கபாலியும் கற்பகாம்பாளும் அறுபத்து மூவரும் நான்கு வீதிகளும் வந்தே கோயில் சேர்கிறார்கள். வாயிலார் நாயனார் பிறந்த மண் இது. அவரையும் மற்ற அடியார்களையும் வடக்கு மாடவீதியில் ஏழு மணிக்கு மேல் நின்று ஆற அமரச் சேவிக்கலாம். அங்கே ஓரளவு நிற்க இடம் கிடைக்கும் என்பது எங்கள் அனுபவம்.

குழந்தைகளின் கையில் பெற்றோரின் கைபேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். யாராவது தவறிவிட்டால் பந்தலுக்கோ அருகில் உள்ள காவல் உதவி மையத்துக்கோ வாருங்கள்.

வாகனம். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: கார் வேண்டாம். மாடவீதிகளில் அன்று வாகனம் நுழைய முடியாது. மெட்ரோ பணியால் லஸ் பகுதியிலும் சாலை குறுகியிருக்கிறது. பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் கோயில் நடைதூரம். திரும்பும்போது அங்கே படிக்கட்டு வரை கூட்டம் நிற்கும் என்பதால், மந்தைவெளி நிலையத்துக்கு நடந்துபோய் ஏறுவது எளிது. தாம்பரம் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்கள் கோட்டை நிலையத்தில் மாறிக்கொள்ளலாம்.

காரில்தான் வர முடியும் என்ற நிலையில் உள்ளவர்கள் கடற்கரைப் பக்கம், கலங்கரை விளக்கம் அருகே அனுமதிக்கப்பட்ட இடத்தில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து ரயிலில் இரண்டாவது நிலையமான திருமயிலைக்கு வரலாம். நடக்க முடியாதவர்களை ஆட்டோவில் மந்தைவெளிப் பக்கம் கொண்டுவந்து இறக்குங்கள். அங்கிருந்து பந்தல் வரை அழைத்துவர எங்களிடம் சக்கர நாற்காலிகள் நான்கு உள்ளன. முதல் நாளே சொல்லிவைத்தால் ஆளோடு காத்திருப்போம். போக்குவரத்துக் காவல்துறை அன்று அறிவிக்கும் மாற்றுப்பாதையே இறுதியானது.

இருசக்கர வாகனங்களை வீட்டு வாசல்களை மறித்து நிறுத்தாதீர்கள். குறுக்குத் தெருக்களில் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வந்து திரும்ப வழி வேண்டும். பெயர் பதிந்த தொண்டர்களுக்கு மட்டும் நிறுத்துமிடம் ஏற்பாடு செய்திருக்கிறோம். இடமும் அனுமதிச் சீட்டும் தனியே அனுப்பப்படும்.

பொருளாகத் தர விரும்புவோர் தயிர், வெல்லம், சுக்கு, பச்சரிசி, பாசிப்பருப்பு தரலாம். சமைத்த உணவு வேண்டாம். அதன் தரத்துக்கு எங்களால் பொறுப்பேற்க முடியாது. தயிரை ஏப்ரல் 10 அதிகாலை 5 மணிக்கும், மற்றவற்றை 9 ஆம் தேதி மாலைக்குள்ளும் தாருங்கள். 9 ஆம் தேதி தேர் என்பதால் அன்று காலையில் இந்தப் பக்கம் வண்டி வராது.

தொண்டு செய்ய விரும்புவோர் இந்தப் பக்கத்துக்கு ‘பங்குனித் தொண்டு’ என்று செய்தி அனுப்புங்கள். பெயர், வயது, வரக்கூடிய நேரம், எந்த வேலை என்பதைக் குறிப்பிடுங்கள். ஏப்ரல் 6, ஞாயிறு மாலை 5 மணிக்குத் தொண்டர் கூட்டம். வேலை பிரிப்பு அங்கேதான். பதிவு ஏப்ரல் 5 இரவோடு முடிகிறது.

#அறுபத்துமூவர் #மயிலாப்பூர் #பங்குனிப்பெருவிழா #பங்குனித்தொண்டு