பாறை மீனும் ஓலைப் பெட்டியும்: நீள்வகுத்தல் பாட்டு

(நான்காம், ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடவேளைக்காக)

குழந்தைகளே, கரையில் மீனைப் பங்கு போடுவதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு வகுத்தல் புதிய செயலன்று. அதைத் தாளில் எழுதும் வரிசைதான் புதியது. அந்த வரிசை நினைவில் நிற்பதற்காக இந்தப் பாட்டை எழுதியிருக்கிறேன். வகுபடும் எண்ணை அடைப்புக்குள்ளும், வகுத்தியை அதன் இடப்புறத்திலும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஈவு மேலே வரும். நான் ஒவ்வோர் அடியாகச் சொல்ல, நீங்கள் திருப்பிச் சொல்லியபடியே அந்த அடியில் உள்ள வேலையைப் பலகையில் செய்ய வேண்டும். பல்லவியை மட்டும் எல்லோரும் கைதட்டிச் சேர்ந்து பாடுவோம். "இறக்கிடு" என்னும்போது, வலையைக் கடலில் இறக்குவதைப் போலக் கையை மேலிருந்து கீழே கொண்டு வாருங்கள்.

பல்லவி

வகுத்திடு, பெருக்கிடு, கழித்திடு,
  வகுத்தியின் சிறிதா, பார்த்திடு;
அடுத்த எண்ணை இறக்கிடு,
  அதையும் மீண்டும் வகுத்திடு!

முதற் கணக்கு: 97 ÷ 4

பாம்பன் கரையில் விடியற் காலை
  படகில் வந்தோர் நின்றனர்;
பாறை மீனை எண்ணிப் பார்த்துத்
  தொண்ணூற் றேழு என்றனர்.

நான்கு கூடை சமமாய் நிரப்ப
  நம்மைப் பாட்டி அழைக்கிறார்;
நான்கு வகுத்தி, வகுபடும் எண்ணைத்
  தொண்ணூற் றேழாய்க் குறிக்கிறார்.

இடது பக்கம் முதலில் நிற்கும்
  ஒன்பதை நீ வகுத்திடு;
அடங்கும் நான்கு இரண்டு முறையே,
  ஈவில் இரண்டை எழுதிடு.

நாலும் இரண்டும் பெருக்கி வந்த
  எட்டைக் கீழே எழுதிடு;
மேலே உள்ள ஒன்பதி லிருந்து
  எட்டைக் கழித்து நோக்கிடு.

வந்த மீதி ஒன்று, நான்கின்
  சிறிய தாஎனப் பார்த்திடு;
அந்த மீதி அருகில் ஏழை
  இறக்கிப் பதினேழ் ஆக்கிடு.

மீண்டும் வகுத்தால் நான்கு முறையாம்,
  மேலே நான்கைச் சேர்த்திடு;
தாண்டி டாத பதினா றைநீ
  பதினே ழிலே கழித்திடு.

கூடை தோறும் இருபத்து நான்கு
  குறைவில் லாமல் சேர்ந்தது;
கூடைக் குள்ளே சேரா தொன்று
  மீதி யாக நேர்ந்தது.

(பல்லவி)

அடுத்த பாட்டுக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு ஒரு மாணவி 835 கருவாடுகளை 8 ஓலைப் பெட்டிகளில் அடுக்கும் கணக்குக்கு ஈவு 14 என்று எழுதினாள். அவளுடைய பெருக்கலிலும் கழித்தலிலும் ஒரு பிழையும் இல்லை. ஆனால் 3-ஐ இறக்கிய பின் அதற்குள் 8 அடங்காததைக் கண்டு, ஈவில் எதையும் எழுதாமலே 5-ஐயும் சேர்த்து இறக்கிவிட்டாள். பெட்டிக்கு 14 என்றால் எட்டுப் பெட்டியிலும் 112 கருவாடுதான் இருக்கும் என்றும், மீதி 723 பாயிலேயே கிடக்கும் என்றும் அவளே கணக்கிட்டுக் கண்டுபிடித்தபோது, விடுபட்ட சுழியத்தைத் தானே எழுதினாள். நீள்வகுத்தலில் அதிகமாகத் தவறும் இடம் இதுதான் என்பதால், இந்தப் பாட்டை நிதானமாகப் பாடுவோம். எண்ணை இறக்கும் ஒவ்வொரு முறையும் ஈவில் ஓர் இலக்கம் வந்தே தீர வேண்டும். அது சுழியமாகவும் இருக்கலாம்.

இரண்டாம் கணக்கு: 835 ÷ 8

எட்டுக் குள்ளே எட்டு ஒருமுறை,
  ஈவில் ஒன்றை எழுதிடு;
கிட்டும் மீதி சுழியம், அருகே
  மூன்றை இறக்கி நோக்கிடு.

மூன்றுக் குள்ளே எட்டு அடங்கா
  தென்று விட்டு விடாதிரு;
ஊன்றி ஈவில் சுழியம் இட்டே
  ஐந்தை இறக்க மறவாதிரு.

முப்பத் தைந்தில் எட்டு நான்கு
  முறையாம், முப்பத் திரண்டுபோம்;
தப்பில் லாத ஈவு நூற்று
  நான்கு, மீதி மூன்றுமாம்.

(பல்லவி)

விடை வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிடாதீர்கள். முதற் கணக்கில் 24 × 4 + 1 = 97 என்றும், இரண்டாவதில் 104 × 8 + 3 = 835 என்றும் வருகிறதா என்று பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகே கடைசி அடிகளைப் பாட வேண்டும்.

ஈவை வகுத்தி யாலே பெருக்கி
  மீதி யையும் கூட்டிடு;
பாவில் சொன்ன எண்ணே வந்தால்
  பலகை தூக்கிக் காட்டிடு!