கையெழுத்து நிபுணர் கருத்து: ஏற்புடைமை வேறு, எடை வேறு

கேள்வி: மன்னார்குடி அருகே ஒரு விவசாயி மீது 2 லட்ச ரூபாய்க்குப் புரோநோட்டு வழக்கு. கையெழுத்து தன்னுடையதே இல்லை என்கிறார் அவர். ஒப்பிட்டுப் பார்த்த நிபுணரோ இரண்டும் ஒரே கை என்கிறார். நிபுணர் கருத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லலாமா?

விடை: நிபுணர் கருத்து சாட்சியமாக உள்ளே வருமா என்பதில் பெரிய சண்டை இல்லை. பாரதிய சாட்சிய அதினியம் 2023-இன் பிரிவு 39 (பழைய சட்டத்தில் 45) கையெழுத்தைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது, நிபுணருக்குத் தனித் திறமை இருந்தால் போதும். சிக்கல் அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. நெல் மூட்டை கொள்முதல் நிலையத்துக்குள் வந்துவிட்டது என்பதற்காகத் தராசில் ஏற்றாமல் யாரும் பணம் தருவதில்லையே.

எடை எவ்வளவு என்பதில் உச்ச நீதிமன்றமே ஒரே குரலில் பேசியதில்லை. மகன் பிஹாரி லால் (1977) வழக்கில், நிபுணர் கருத்தை மட்டும் நம்பித் தண்டிப்பது ஆபத்து என்றது. முராரி லால் (1980) வழக்கில், துணைச்சான்று இல்லாமல் ஏற்கவே கூடாது என்று சட்டவிதி எதுவும் கிடையாது, நிபுணரைக் குற்றத்துக்கு உடந்தையானவரைப் போலச் சந்தேகிக்க வேண்டியதில்லை, ஆனால் எச்சரிக்கையோடு காரணங்களைச் சோதித்துப் பார் என்றது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் கருத்துக்கான காரணங்களையும் பிரிவு 45 (பழைய 51) சாட்சியத்துக்குள் கொண்டுவருகிறது. 'ஒரே கை' என்ற முடிவை மட்டும் எழுதிவிட்டு எந்த எழுத்தில், எந்தச் சுழிப்பில், எந்த அழுத்தத்தில் ஒற்றுமை என்று காட்டாத அறிக்கை உள்ளே வந்தாலும் வெறும் காகிதம்தான்.

இனி நம் விவசாயி. ஒப்பிட எடுத்தது வக்காலத்தில் அவர் போட்ட கையெழுத்து என்று வைத்துக்கொள்வோம். அது வழக்கு வந்த பிறகு போட்டது, வேண்டுமென்றே மாற்றியும் போட்டிருக்கலாம். கடன் தேதியை ஒட்டி அவர் கூட்டுறவுச் சங்கத்தில் குறுவைக்கு வாங்கிய பயிர்க்கடன் தாள்களில் உள்ள கையெழுத்துதான் நல்ல மாதிரி. வருஷத்துக்கு நாலு தடவை கையெழுத்துப் போடுகிறவருக்கு எழுத்து தடவைக்குத் தடவை மாறும் (என் தாத்தா பென்ஷன் படிவத்தில் பட்ட பாடு எனக்குத் தெரியும்), அந்த இயல்பான மாற்றத்தை நிபுணர் கணக்கில் எடுத்தாரா என்று குறுக்கு விசாரணையில் கேட்டே ஆகவேண்டும்.

அவர் கையெழுத்தைப் பழக்கத்தில் அறிந்த சங்கச் செயலாளரின் கருத்து பிரிவு 41-இல் வரும். பிரிவு 72-இன்படி நீதிபதியே ஒப்பிடலாம், ஆனால் திருவேங்கடம் பிள்ளை (2008) வழக்குக்குப் பிறகு அதைத் தனியாக நம்புவது புத்திசாலித்தனம் இல்லை.

ஆகவே வக்காலத்துக் கையெழுத்தோடு மட்டும் ஒப்பிட்ட அறிக்கை என்றால், புரோநோட்டில் கையெழுத்திட்ட சாட்சிகளும் பிறழ்ந்துவிட்டால் நான் வழக்கைத் தள்ளுபடி செய்வேன். பயிர்க்கடன் தாள்களோடு ஒப்பிட்டுக் காரணங்களையும் விளக்கி, சாட்சிகளில் ஒருவராவது உறுதியாக நின்றால் வாதிக்குத் தீர்ப்பு.