தரம் 2 – தோளுக்கு மேலால் எறிதல்: ஒரு பாடவேளைக்கான கற்பித்தல் திட்டம்

வகுப்பு: தரம் 2 ஆ, தமிழ்மொழி மூலம். பிள்ளைகள் 30 பேர் (பெண்கள் 17, ஆண்கள் 13). இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் 4 பேர்.
நேரம்: செவ்வாய்க்கிழமை, காலை 8.30 – 9.10.
இடம்: கொட்டாஞ்சேனைப் பாடசாலை, ஆரம்பப் பிரிவுக் கட்டடத்துக்கும் மண்டபச் சுவருக்கும் இடையிலுள்ள சீமெந்து முற்றம். மழை பெய்தால் மண்டபத்தின் உள்ளே.

தேர்ச்சி: கைக்கடக்கமான பொருளொன்றைத் தோளுக்கு மேலால் பலமாக எறிதல்.

இன்றைய கற்றற் பேறு ஒன்றே ஒன்று: எறியும் கைக்கு எதிர்க்காலை முன்வைத்து எறிவார்கள். வலக்கையால் எறிபவர் இடக்காலை வைப்பார், இடக்கையால் எறிபவர் வலக்காலை வைப்பார். முழங்கையின் உயரம், மணிக்கட்டு, பந்தை விரலால் பிடிப்பது எல்லாம் அடுத்தடுத்த பாடங்களுக்கு. இன்று அவை கண்ணில் பட்டாலும் வாய் திறப்பதில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரே மூச்சில் நான்கு திருத்தம் சொன்னால் நான்குமே போய்விடும்.

குறிபார்த்து எறிவதையும் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. கிட்டத்தில் ஒரு வாளியை வைத்து அதற்குள் போடச் சொன்னால் பிள்ளைகள் கவனமாக, மெதுவாக, கையை மட்டும் அசைத்துப் போடுவார்கள். காலும் இடுப்பும் வேலை செய்யத் தேவையே வராது. பலமாக எறியச் சொன்னால்தான் உடம்பு திரும்பும், கால் தானாக முன்னே வரும். ஆகவே இன்று முழுவதும் "பலமாக" என்ற சொல்தான். குறி வைப்பது பிறகு.

தர உள்ளீடுகள்

சிறு துணிப்பைகள் 20. உள்ளே புளியங்கொட்டை. சென்ற வருடம் பயறு போட்டுத் தைத்தவற்றைக் களஞ்சிய அறையில் எலி தின்றுவிட்டது. கடதாசிப் பந்துகள் 40: ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைத் தாள் இரண்டைக் கசக்கி உருட்டி, ஒட்டும் நாடா சுற்றியது. டெனிஸ் பந்தைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கட்டும். பிள்ளையின் விரல்கள் சுற்றிப் பிடிக்க முடியாவிட்டால் உள்ளங்கையில் ஏந்தித் தள்ளத் தொடங்குவார்கள். இவற்றோடு சிவப்பு நிறக் கம்பளி நூல் 30 துண்டுகள், வெண்கட்டி, நீளக் கயிறு ஒன்று, பழைய சேலை ஒன்று, விசில்.

சுவரில் தகரம் கட்டி "டமார்" என்று சத்தம் வரச் செய்தால் பிள்ளைகள் இன்னும் பலமாக எறிவார்கள். ஆனால் மேல்மாடியில் புலமைப்பரிசில் வகுப்பு நடக்கிறது. பிஸ்கட் காட்போட் பெட்டிகளை விரித்து ஒட்டினால் போதும், அதிலும் சத்தம் வரும்.

திங்கட்கிழமையே வீட்டுக்குக் குறிப்பு அனுப்ப வேண்டும்: விளையாட்டுச் சீருடை, சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல். வெள்ளைக் கவுனோடு வரும் பெண் பிள்ளைகள் காலை அகட்டி வைக்கக் கூச்சப்படுவார்கள். இந்தப் பாடம் முழுவதும் காலில்தான் இருக்கிறது.

முற்றத்தைத் தயார் செய்தல்

சுவரின் நீளம் ஏறத்தாழ 24 மீற்றர். சுவரிலிருந்து 5 மீற்றரில் நீளக் கோடொன்று. அதன்மேல் ஒன்றரை மீற்றர் இடைவெளியில் 15 குறுக்குக் கோடுகள், ஒவ்வொரு சோடிக்கும் ஒன்று. சுவரில், தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் வெண்கட்டியால் இன்னொரு கோடு. மணல் கிடந்தால் கூட்டிவிட வேண்டும், சீமெந்தில் மணல் இருந்தால் முன்கால் வழுக்கும். வான்கள் 8.15க்குள் வெளியேறிவிடும், ஒன்றாவது நின்றால் காவலாளியிடம் சொல்லி எடுப்பிக்க வேண்டும்.

இடக்கைப் பிள்ளைகள் நால்வரும் சுவரைப் பார்த்து நிற்கையில் வரிசையின் இடது ஓரத்தில் நிற்பார்கள், சோடி சேர்வதும் தங்களுக்குள்தான். பக்கவாட்டில் திரும்பும்போது அவர்கள் முகம் வெளிப்பக்கம் போகும், பக்கத்து வலக்கைப் பிள்ளையோடு நேருக்கு நேர் வராது.

பாதுகாப்பு விதி இரண்டு. விசில் ஒருமுறை ஊதினால் எறியலாம், இருமுறை ஊதினால் எல்லோரும் சேர்ந்து பொறுக்கலாம். எவருடைய பை எங்கே விழுந்தாலும் விசிலுக்கு முன் கோட்டைத் தாண்டக் கூடாது. இதை மீறும் பிள்ளை அடுத்த சுற்றில் என் பக்கத்தில் நின்று விசில் ஊதும். தண்டனையாகவும் இருக்காது, விதியும் மனதில் பதியும்.

8.30 – உடலைச் சூடாக்கல்

முற்றத்தைச் சுற்றி ஒரு மெல்லோட்டம். பிறகு "எதிர்க்கை எதிர்க்கால்" நடை: வலக்கை மேலே, இடக்கால் முன்னே, இடக்கை மேலே, வலக்கால் முன்னே. முதலில் ஆறுதலாக, பிறகு வேகமாக. தடுமாறிச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கடைசியில் தோளைச் சுற்றுதல், இடுப்பைத் திருப்புதல்.

இழுப்பு உள்ள பிள்ளை ஓட்டத்துக்குப் பதில் நடக்கலாம். இன்ஹேலர் என் பையில் இருக்கும்.

8.36 – ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் எறிய விடுதல்

சோடியில் ஒருவர் கோட்டில், மற்றவர் இரண்டு மீற்றர் பின்னால். எறிபவருக்குத் துணிப்பை ஒன்று, கடதாசிப் பந்து இரண்டு. அறிவுறுத்தல் இவ்வளவே: "சுவர் அதிர்ற மாதிரி எறிங்க!" மூன்றும் எறிந்ததும் பொறுக்கி, ஆள் மாறுவார்கள்.

இந்த ஐந்து நிமிடமும் எனக்காக. பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எழுத்து இடுவேன். கால் அசையாமல், சுவரை நேரே பார்த்து, கோடரியால் கொத்துவது போல எறிபவர் "அ". எறியும் கையின் பக்கத்துக் காலையே முன்வைப்பவர் "ஆ". எதிர்க்காலை வைப்பவர் "இ". தரம் 2இல் "ஆ" நிறையவே வரும். அதைப் பிழையாகப் பார்க்க வேண்டியதில்லை. கால் அசையாத நிலையிலிருந்து ஒரு படி ஏறியிருக்கிறார்கள், வளர்ச்சியில் இயல்பாக வரும் கட்டம் அது.

ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடும் சிலர் கையை நீட்டி, பந்துவீச்சாளர் போலச் சுழற்றுவார்கள். "இப்ப நீங்க பந்து வீசுறவர் இல்ல, பவுண்டரியில நிக்கிறவர். விக்கெட் கீப்பருக்கு எறிங்க" என்றால் முழங்கை தானாக மடங்கும்.

8.41 – செய்து காட்டலும் கால் வைத்தலும்

கம்பளி நூலைக் கட்டுவது முதல் வேலை. "எந்தக் கையால எறிவீங்க? தூக்குங்க. மற்றப் பக்கக் காலைத் தொடுங்க." தொட்ட காலின் கணுக்காலில் சோடிப் பிள்ளை நூலைத் தளர்வாகக் கட்டும். முடிச்சுப் போட முடியாதவர்களுக்கு நான் உதவுவேன். இதன் பிறகு இடம், வலம் என்ற சொற்களே வேண்டாம், "சிவப்புக் கால்" என்றால் போதும். இடக்கைப் பிள்ளைகளுக்குத் தனியாக விளக்கவும் தேவையில்லை.

செய்து காட்டும்போது பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். முகத்தைக் காட்டி நின்றால் என் இடக்கால் அவர்களுக்கு வலப்பக்கமாகத் தெரியும். முதல் இரண்டு முறையும் பேசாமல் எறிந்து காட்டுவேன். மூன்றாவது முறை பக்கவாட்டிலிருந்து பார்க்க விட்டு, மூன்று சொற்களைச் சேர்ப்பேன்:

"பக்கம்… கால்… வீசு!"

பக்கம்: குறுக்குக் கோட்டில் பக்கவாட்டாக நின்று, சிவப்புக் காலின் தோள் சுவரைப் பார்க்கும். எறியும் கை கீழிறங்கிப் பின்னால் போகும்.
கால்: சிவப்புக் கால் நீளக் கோட்டைத் தாண்டி ஒரு பெரிய எட்டு வைக்கும்.
வீசு: இடுப்புத் திரும்பும், கை வரும். எறிந்த கை நிற்காமல் மற்றப் பக்க இடுப்பைத் தொடும்.

முதலில் கையில் ஒன்றுமில்லாமல், எல்லோரும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு நாலைந்து தடவை. பிறகு பையோடு. சொற்களுக்கிடையில் நீண்ட இடைவெளி விடக் கூடாது; ஒவ்வொன்றாக நிறுத்தினால் உடலின் வேகம் கைக்கு வந்து சேராது. இரண்டாவது சுற்றிலிருந்து "பக்கம்-கால்-வீசு" என்று ஒரே இழுவையாகச் சொல்ல வேண்டும்.

பின்னால் நிற்பவருக்கும் வேலை உண்டு. சிவப்புக் கால் கோட்டைத் தாண்டினால் கையைத் தூக்குவார், தாண்டாவிட்டால் தூக்கமாட்டார். கருத்துச் சொல்லத் தேவையில்லை. நான் வரிசையின் பின்னால் நடந்தால் தூக்கிய கைகளைப் பார்த்தே நிலைமை தெரியும்.

பை சுவரில் மேற்கோட்டுக்கு மேலே மூன்று முறை பட்டால் அந்தச் சோடி ஒரு மீற்றர் பின்னே போகலாம். தூரம் கூடினால் எட்டும் பெரிதாகும், அதற்காகத்தான். "அ" எழுத்துப் பிள்ளைகளின் பக்கத்தில் அதிக நேரம் நிற்பேன். அவர்களுடைய கையைப் பிடித்து ஆட்டிக் காட்டுவதில்லை. சிவப்புக் காலைத் தூக்கிப் பிடித்தபடி தொடங்கச் சொன்னால் பெரும்பாலும் சரிவரும்.

காலில் பலவீனம் உள்ள பிள்ளை நாற்காலியில் பக்கவாட்டாக அமர்ந்து எறியும். அவருக்கு "கால்" என்ற சொல்லுக்குப் பதில் "திரும்பு". சோடிப் பிள்ளை பார்ப்பது தோள் திரும்புகிறதா என்பதை.

8.53 – "குப்பை உன் வீட்டுக்கு"

முற்றத்தின் நடுவே கயிறு கட்டி, மேலே சேலையைப் போட்டால் மதில் தயார். உயரம் பிள்ளைகளின் தலைக்குச் சற்று மேலே. பக்கத்துக்கு 15 பேர், 20 கடதாசிப் பந்து. துணிப்பைகளை இதற்கு முன்பே பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். விசில் ஊதியதும் தம் பக்கத்துப் பந்துகளை மதிலுக்கு மேலால் அடுத்த வீட்டுக்கு எறிவார்கள். ஒரு நிமிடத்தில் நிறுத்தி எண்ணினால், குறைவான குப்பை உள்ள வீடு வென்றது. மூன்று சுற்று. எண்ணுவதைப் பிள்ளைகளிடமே விடலாம், பத்துப் பத்தாகக் குவித்தால் கணிதமும் ஆகிவிடும்.

இரு பக்கமும் பெண்களும் ஆண்களும் கலந்திருக்க வேண்டும். முன்னால் நிற்கும் ஓரிருவரே எல்லாப் பந்துகளையும் பறித்து எறியாமல், "ஒரு கையில ஒரு பந்துதான், எறிஞ்ச பிறகுதான் அடுத்தது" என்ற விதி. வீட்டில் பந்து தொட வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கு இந்தப் பத்து நிமிடம்தான் எறியும் நேரம்.

விளையாட்டின் அவசரத்தில் சிலருக்குக் கால் மறக்கும். நிறுத்தித் திருத்த வேண்டாம். இரண்டாம் சுற்றுக்கு முன் ஒருமுறை மட்டும்: "சிவப்புக் கால் எங்க?"

9.03 – ஆறுதலும் கணிப்பீடும்

நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். இரண்டு கேள்வி: "கால் வைக்காம எறிஞ்சா என்ன நடந்தது? கால் வைச்சு எறிஞ்சா?" பிறகு ஐந்தைந்து பேராக எழுந்து, கடதாசிப் பந்தொன்றைச் சுவருக்கு எறிந்துவிட்டு, நூலைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு வரிசையில் சேர்வார்கள். அந்த ஓர் எறிதலில், சொல்லித் தராமலே சிவப்புக் கால் முன்னே வந்ததா என்று பார்த்து, முதல் எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது எழுத்தை இடுவேன்.

20 பேருக்கு மேல் "இ" இருந்தால் அடுத்த வாரம் முழங்கையும் உடற்திருப்பமும். குறைந்தால் இதே பாடம், நூலோடு, ஒரு மீற்றர் பின்னாலிருந்து. இரண்டு முறையும் "அ" விழுந்தவர்களை இடைவேளையில் மூன்று மூன்று பேராகச் சுவருக்கு அழைப்பேன்.

மண்டபத்தில் நடத்த நேர்ந்தால்: துணிப்பை வேண்டாம், கடதாசிப் பந்து மட்டும். மின்விசிறிகளை நிறுத்த வேண்டும். சுவருக்குப் பதில் மேடையின் திரைச்சீலை. வரிசைக்கு எட்டுப் பேர்தான் நிற்கலாம் என்பதால் நான்கு சுற்றாகப் பிரித்து, "குப்பை உன் வீட்டுக்கு" ஒரு சுற்றோடு முடியும்.