தானியங்கிச் சோதனைக்கு நிதி ஒதுக்கக் கோரும் முன்மொழிவு

குன்னூர், 3 நவம்பர் 2025

பெறுநர்: நிர்வாக இயக்குநர், நிதி மேலாளர்
அனுப்புநர்: மென்பொருள் சோதனைப் பிரிவுத் தலைவர்
பொருள்: பசுந்தேயிலைக் கொள்முதல் மென்பொருளுக்குத் தானியங்கிச் சோதனை அமைக்க ரூ.7,17,000 ரொக்க ஒதுக்கீடு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

கேட்கும் தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரொக்கமாக ரூ.7,17,000, இரண்டு தவணையில். நம் ஊழியர்களின் நேரத்தையும் பணமாக்கிச் சேர்த்தால் மொத்தச் செலவு ரூ.10,03,000. போட்ட முதல் திரும்ப, என் கணக்குப்படி, 26 மாதம் ஆகும். தானியங்கிக் கருவி விற்க வருபவர்கள் ஆறு மாதம் என்பார்கள். நம் அளவில் அது நடக்காது. ஏன் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

ஜூலையில் நடந்தது

ஜூலை ரிலீஸுக்குப் பிறகு இரண்டு தொழிற்சாலைகளில் விவசாயிகள் எடைச்சீட்டோடு வாசலில் வந்து நின்றது நினைவிருக்கும். ஈர இலைக்கான கழிவைக் கணக்கிடும் இடத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தோம். 37.4 கிலோ இலைக்கு 3 சதவீதக் கழிவு என்றால் 1.122 கிலோ போக நிகர எடை 36.3 கிலோ வரவேண்டும். புதிய பதிப்பு கழிவை அடுத்த முழு கிலோவுக்கு ஏற்றி 2 கிலோவாகக் கழித்தது. நிகர எடை 35.4 ஆனது. ஒரு எடைக்கு முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று போனது. தொகை பெரிதில்லை. ஆனால் தேயிலை வாரியம் மாதா மாதம் அறிவிக்கும் விலையில் ஐம்பது காசு கூடினதா குறைந்ததா என்று பார்க்கிற ஊரில், எடையில் கை வைத்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு தொழிற்சாலைகளுக்கும் பராமரிப்புக் கட்டணத்தில் ரூ.1,60,000 தள்ளுபடி செய்தோம்.

இதைச் சோதிக்காமல் விட்டோமா? இல்லை. சோதித்தோம், தேறியது. நம் பட்டியலில் இருந்த உதாரணம் 100 கிலோ, 3 சதவீதம். பழைய முறையிலும் 97, புதிய முறையிலும் 97. அந்த ஒரு எண்ணை மனிதன் போட்டாலும் இயந்திரம் போட்டாலும் விடை ஒன்றுதான். ஆகவே ‘தானியங்கி இருந்திருந்தால் பிடித்திருக்கும்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல மாட்டேன். பிடித்திருக்கக்கூடியது வேறொன்று: ஏற்கெனவே பட்டுவாடா முடிந்த பழைய பில்கள் அத்தனையையும் புதிய பதிப்பில் மறுபடி ஓட்டி, பைசா மாறாமல் வருகிறதா என்று பார்ப்பது. கையால் அது ஆகாத காரியம். இயந்திரத்துக்குச் சில நிமிட வேலை. எழுதவேண்டியதும் இவ்வளவுதான்:

```python
@pytest.mark.parametrize("bill", load_bills("2025-03"))
def test_net_weight_unchanged(bill):
    assert net_weight(bill.kg, bill.wet_pct) == bill.net_kg
```

(பில்களை எடுக்கும்போது விவசாயிகளின் பெயர், வங்கி எண், கைபேசி எண் நீக்கப்படும். எடை, கழிவு, முன்பணம், உரப்பிடித்தம் மட்டும் போதும்.)

இப்போதைய செலவு

2024 அக்டோபர் முதல் 2025 செப்டம்பர் வரையான நம் பதிவேட்டிலிருந்து எடுத்தவை இவை. ரிலீஸ் தோறும் 412 சோதனைகளை மூன்று பேர் நான்கு நாள் உட்கார்ந்து கையால் செய்கிறார்கள், அதாவது 12 ஆள்நாள். பன்னிரண்டு ரிலீஸுக்கு 144. இடையில் அவசரத் திருத்தம் 9 முறை, தலா 3 ஆள்நாள், ஆக 27. மொத்தம் 171 ஆள்நாள். ஒரு சோதனையாளருக்கு பி.எஃப். உட்பட மாதம் ரூ.38,000, நாளுக்கு ஏறத்தாழ ரூ.1,750. வருடத்துக்கு மூன்று லட்சம்கூட ஆகவில்லை.

இந்தச் செலவை மட்டும் குறைக்க வேண்டுமென்றால் தானியங்கியே வேண்டாம். 412-இல் சுமார் 250 சோதனைகளை இயந்திரத்துக்கு மாற்றினால் வருடத்துக்கு 102 ஆள்நாள், அதாவது ரூ.1,78,500 மிச்சம். ஆனால் அந்தச் சோதனைகளைப் பழுது பார்த்துக்கொண்டே இருக்க வருடத்துக்கு ரூ.1,85,000 ஆகும்: சோதனையாளர் 72 நாள், டெவலப்பர் 12 நாள், மாற்று இணைய இணைப்பு. மிச்சத்தைவிடப் பராமரிப்பு ரூ.6,500 அதிகம். சென்னை, பெங்களூரு சம்பளத்தில் போட்ட கணக்குகளை நமக்குக் காட்டும்போது மறைந்துபோவது இந்த இடம்தான்.

பிறகு ஏன் கேட்கிறேன்

வரும் ஜூன் முதல் மாதத்துக்கு இரண்டு ரிலீஸ் என்று நிர்வாகம் முடிவெடுத்திருக்கிறது. கையாலேயே செய்தால் முழுச் சோதனைக்கு 288 நாளும் திருத்தங்களுக்கு 27 நாளும் தேவை. இன்றைய 171 நாள் 315 ஆகும். அதற்காகத்தான் நான்காவது சோதனையாளர் பணியிடம் பட்ஜெட்டில் இருக்கிறது, வருடத்துக்கு ரூ.4,56,000. தானியங்கி இருந்தால் ரிலீஸுக்கு 5 ஆள்நாள், அவசரத் திருத்தத்துக்கு 1 ஆள்நாள் போதும். திருத்தங்களையும் பராமரிப்பையும் சேர்த்து 201 நாள். இப்போதுள்ள மூன்று பேரே சமாளிக்கலாம். இந்த மூவரில் ஒருவரையும் குறைக்கும் திட்டம் இதில் இல்லை என்பதையும் எழுத்தில் பதிவு செய்கிறேன். குழுவில் அந்தப் பயம் இருக்கிறது.

இரண்டாவது, ரிலீஸுக்குப் பிறகு வாடிக்கையாளர் கண்ணில் பட்ட பிழைகள். முன்பு சரியாக ஓடிக்கொண்டிருந்து உடைந்தவை மட்டும் 23. டெவலப்பர் இரண்டரை நாள், சோதனையாளர் ஒரு நாள், உதவி மையம் இரண்டு நாள், மஞ்சூருக்கோ கூடலூருக்கோ போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து ஒன்றுக்குச் சராசரியாக ரூ.13,000. இருபத்து மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். 14 பிழைகளைத் தானியங்கி பிடித்திருக்கும். மீதி 9 பிடிபட்டிருக்காது. தராசின் புளூடூத் அறுந்தது, சிக்னல் இல்லாத இலைக் கொள்முதல் நிலையத்தில் கைபேசி பாதியில் நின்றது போன்றவை அவை. அவற்றுக்கு மழையில் நனைந்தபடி நேரில் போய்ப் பார்ப்பதுதான் சோதனை. ஆகவே 14 பிழைக்கு ரூ.1,82,000 மட்டும் சேமிப்பாக எடுத்திருக்கிறேன்.

ஜூலைத் தள்ளுபடி போன்றது வருடா வருடம் வரும் என்று வைக்க முடியாது. அதில் பாதி, ரூ.80,000. சென்ற ஆண்டு நம்மை விட்டுப்போன ஒரு வாடிக்கையாளரைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவர்கள் போனதற்குப் பிழை மட்டும் காரணமில்லை.

செலவு

| இனம் | ரூ. |
|---|---|
| ஒப்பந்தத் தானியங்கிச் சோதனைப் பொறியாளர், 6 மாதம் × 70,000 | 4,20,000 |
| நம் சோதனையாளர் இருவரின் பாதி நேரம், 6 மாதம் | 2,28,000 |
| டெவலப்பர் 20 நாள் | 58,000 |
| சர்வர் கணினி 85,000, யு.பி.எஸ். 40,000 | 1,25,000 |
| ஆண்ட்ராய்டு கைபேசி 4 | 36,000 |
| பயிற்சி | 45,000 |
| எதிர்பாராச் செலவு, சுமார் 10% | 91,000 |
| மொத்தம் | 10,03,000 |

மென்பொருள் உரிமத்துக்குப் பணம் இல்லை. பைடெஸ்ட், பிளேரைட், அப்பியம், ஜென்கின்ஸ் நான்கும் திறந்த மூலக் கருவிகள். யு.பி.எஸ். ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் சோதனை ஓடப்போவது இரவில், வடகிழக்குப் பருவமழையில் இங்கே மின்சாரம் போவதும் பெரும்பாலும் இரவில்தான். பொறியாளர் கோவையிலிருந்து வேலை செய்வார், வாரம் இரண்டு நாள் மேலே வருவார். மலைப்பாதையில் மண்சரிந்தால் அந்த வாரம் தொலைபேசிதான்.

250 சோதனைகளில் 180 கணக்கீட்டுப் பகுதிக்கு, 40 அலுவலகத் திரைகளுக்கு, 30 கைபேசிச் செயலிக்கு. திரைச் சோதனைகளை வேண்டுமென்றே குறைத்திருக்கிறேன். பட்டன் ஒன்று இடம் மாறினாலும் அவை பொய்யாக அலறும். பொய் அலறல் வாரத்துக்கு நான்கு வந்தால், ஐந்தாவது நிஜ அலறலை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

முதல் திரும்பும் காலம்

சோதனையாளர் நேரத்தை நான்காவது பணியிடத்துக்குள்ளேயே கணக்கிட்டுவிட்டதால் மறுபடி எண்ணவில்லை. பராமரிப்பில் எஞ்சுவது டெவலப்பர் நேரமும் இணைய இணைப்பும், ரூ.59,000.

```
4,56,000 + 1,82,000 + 80,000 - 59,000 = 6,59,000 / வருடம் (மாதம் சுமார் 54,900)
```

டிசம்பர் முதல் மே வரை கட்டும் காலம், சேமிப்பு பூஜ்யம். அடுத்த மூன்று மாதம் பாதிச் சேமிப்பு. பிறகு முழுச் சேமிப்பு. இந்தக் கணக்கில் 26-ஆவது மாதம், 2028 ஜனவரியில், போட்டது திரும்பியிருக்கும்.

தப்பினால்? அந்த 14 பிழைகளில் பாதிதான் பிடிபட்டு, தள்ளுபடிச் சேமிப்பும் இல்லையென்றால் 32 மாதம். அதோடு செலவும் கால்பங்கு கூடினால் 38 மாதம். மாதம் இரண்டு ரிலீஸ் என்ற முடிவைக் கைவிட்டு மாதம் ஒன்றாகவே தொடர்ந்தால் 55 மாதம். அந்த நிலையில் இந்தத் திட்டத்தை முழுதாக நானே பரிந்துரைக்க மாட்டேன். முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு தவணை

முதல் தவணை ரூ.3,80,000, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை: கணக்கீட்டுச் சோதனைகள், பழைய பில் மறு ஓட்டம், சர்வர், பயிற்சி. பிப்ரவரி முடிவில் இரண்டு விஷயத்தைக் காட்டுவேன். பன்னிரண்டு மாத பில்களும் மறுபடி ஓடி, வரும் வித்தியாசம் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். தொடர்ந்து 20 இரவு ஓடியதில் பொய் அலறல் ஒன்றைத் தாண்டக்கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் அங்கேயே நிறுத்துவோம். நஷ்டம் முதல் தவணையும் அதுவரை செலவான நம் ஆட்களின் நேரமும்.

தேறினால் இரண்டாம் தவணை ரூ.2,46,000, மார்ச் முதல் மே வரை. எதிர்பாராச் செலவுக்கான ரூ.91,000 நிதி மேலாளரிடமே இருக்கட்டும். தேவை வந்தால் காரணம் எழுதிக் கேட்கிறேன்.

என்னைத் தூங்கவிடாத ஆபத்து ஒன்று உண்டு. பயிற்சி பெற்றவருக்குக் கோவையில் இரட்டிப்புச் சம்பளம் கிடைக்கும். அதனால்தான் ஒருவருக்குப் பதில் இருவருக்குப் பயிற்சி கேட்டிருக்கிறேன். பயிற்சி முடிந்ததும் இருவருக்கும் ஊதியத்தை மறுபரிசீலனை செய்யவும் வேண்டுகிறேன். அந்த உயர்வு மேலே உள்ள கணக்கில் இல்லை. இருவருக்குமாக மாதம் ரூ.5,000 கூட்டினால் 26 மாதம் 28 அல்லது 29 ஆகும்.

நாம் பேசி வைத்திருக்கும் பொறியாளர் டிசம்பர் 1-ஆம் தேதி சேர முடியும் என்கிறார். நவம்பர் 20-க்குள் முதல் தவணைக்கு மட்டுமாவது ஒப்புதல் தந்தால் அவரை உறுதி செய்துவிடலாம். கணக்குத் தாளையும் 23 பிழைகளின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனைப் பிரிவுத் தலைவர்