அப்பாவின் சஷ்டியப்த பூர்த்தியை நடத்திக் கொடுத்த குருக்களுக்கு நன்றிக் கடிதம்

சேலம்
16.11.2025

திருக்கடையூர் குருக்கள் அவர்களின் திருவடிகளுக்கு எங்கள் குடும்பத்தார் அனைவரின் பணிவான நமஸ்காரம்.

விசுவாவசு வருடத்தில், 1965 ஐப்பசியில் பிறந்த எங்கள் அப்பாவுக்கு, அதே வருடம் திரும்பி வந்த இந்த ஐப்பசியில், அதே ரோகிணி நட்சத்திரத்தில், அமிர்தகடேசுவரர் அபிராமி அம்மன் சன்னதியில் சஷ்டியப்த பூர்த்தியைத் தாங்கள் நிறைவாக நடத்திக் கொடுத்தீர்கள். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக எழுதியிருக்க வேண்டும். வந்த உறவினர்களை வழியனுப்பிவிட்டு இன்றுதான் உட்கார முடிந்தது.

சங்கல்பத்தின்போது கோத்திரம் கேட்டீர்கள். தெரியவில்லையே என்று அப்பா தயங்கி நின்றதும், "சிவகோத்திரம் என்று சொல்லுங்கள், அதைவிட வேறென்ன வேண்டும்" என்று தாங்கள் சொன்ன விதத்தில் அவருடைய கூச்சம் முழுவதும் நீங்கியது. அப்பாவுக்கு மூச்சிரைப்பு உண்டு என்பதை அறிந்து, ஹோமப் புகை படாத பக்கமாக மணையைத் திருப்பிப் போடச் சொன்னீர்கள். கலசாபிஷேகத்துக்கு முன், சல்லடையை அப்பா அம்மாவின் தலைக்கு மேல் பிடித்திருந்த எங்களிடம், ஒவ்வொரு கலசமும் எதற்காக என்பதைத் தமிழில் விளக்கினீர்கள். அதனால்தான் எங்கள் பிள்ளைகளும் அங்கு இங்கு ஓடாமல் கடைசி வரை நின்று பார்த்தார்கள். மாங்கல்ய தாரணம் முடிந்ததும், எழுந்து வர முடியாமல் நாற்காலியில் இருந்த எங்கள் அப்பத்தாவிடம் அட்சதைத் தட்டைத் தாங்களே எடுத்துச் சென்று, முதல் ஆசியை அவர் கையால் வாங்கித் தந்ததை அம்மா இன்னும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்று தாம்பூலத் தட்டில் வைத்துச் சமர்ப்பித்த தட்சிணை, தங்கள் உழைப்புக்கும் வேத ஞானத்துக்கும் ஈடாகாது என்பதை நன்கு அறிவோம். தொகையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் தாங்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது எங்களுக்குப் பெரிய பாக்கியம். இக்கடிதத்துடன் சேலம் பட்டுக்கரை வேட்டியும் அங்கவஸ்திரமும் ஒரு செட், தங்களுடன் விடியற்காலையிலிருந்து ஜபத்தில் அமர்ந்த இரு இளைஞர்களுக்கும் ஆளுக்கு 1,001 ரூபாய் அனுப்பியிருக்கிறோம். எங்கள் சக்திக்கு இயன்ற எளிய காணிக்கை இது. குறையிருந்தால் பொறுத்து, அன்புடன் ஏற்றுக்கொள்ளப் பிரார்த்திக்கிறோம்.

தாங்கள் சொன்னபடி அப்பாவும் அம்மாவும் நாள்தோறும் மாலையில் விளக்கேற்றி அபிராமி அந்தாதியில் சில பாடல்களைப் பாராயணம் செய்து வருகிறார்கள். பிரசாதக் குங்குமத்தை வர இயலாத சொந்தக்காரர்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டோம். தை மாதம் தம்பியின் மகனுக்குக் காது குத்தவிருக்கிறோம். அம்பாள் சன்னதியிலேயே வைத்துக்கொள்ள ஆசை. தங்களுக்கு ஒழிவான நல்ல நாள் ஒன்றைப் பார்த்துச் சொன்னால், அதற்கேற்ப நாங்கள் புறப்பட்டு வருகிறோம்.

தங்கள் ஆசியை என்றும் வேண்டும்,
மூத்த மகனும் குடும்பத்தாரும்