என்னைப் பற்றியும் என் தையல் கடையைப் பற்றியும்

வணக்கம். இந்தக் கடையில் அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது மூன்றையும் நானே செய்கிறேன். கொக்கி கட்டவும் ஹெம்மிங் செய்யவும் ஒரு அக்கா துணைக்கு இருக்கிறார். இரண்டு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், வெட்டுவதற்கு ஒரு நீள மேசை, திரை போட்ட சின்ன அளவு அறை. கடை இவ்வளவுதான்.

எனக்கு 16 வயதில் முதல் சேலைக்கு ப்ளவுஸ் தைக்கக் கொடுத்தேன். அளவெடுத்தவர் ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொண்டார். கடையில் நின்ற எல்லோர் காதிலும் விழுந்தது. ப்ளவுஸ் வந்தபோது கையைத் தூக்க முடியவில்லை. போய்ச் சொன்னால், "உன் தோள் ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கியிருக்கு, நான் என்ன பண்றது?" என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். அப்புறம் பிளேடால் தையலைப் பிரித்துப் பார்த்தேன். பக்கவாட்டில் உள்ளே துணியே விடவில்லை. கைக்குழியை வேறு மிகவும் கீழே இறக்கி வெட்டியிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் அம்மாவின் கால் மிதி மெஷின் இருந்தது. அதில் பழைய வேட்டித் துணியை வெட்டி, எனக்கே அளவெடுத்து, தைத்துத் தைத்துப் பிரித்தேன். என் வலது தோள் அரை அங்குலம் இறக்கம் என்பது உண்மைதான். வெட்டும்போது அந்தப் பக்கத் தோள் சரிவை அரை அங்குலம் இறக்கினால் ப்ளவுஸ் சரியாக உட்கார்ந்துவிடுகிறது! அதை நானே கண்டுபிடித்த நாளில்தான் இந்தத் தொழிலுக்கு வருவது என்று முடிவு செய்தேன். முறையாகத் தையல் படித்தது, ஒரு கடையில் ஐந்து வருடம் வேலை பார்த்தது எல்லாம் அதற்குப் பிறகு. சொந்தக் கடை வைத்து இது 11ஆவது வருடம்.

இங்கே உங்கள் அளவு யார் காதிலும் விழாது. திரைக்குள் எடுத்து நானே நோட்டில் எழுதுவேன். அளவு ப்ளவுஸ் கொண்டு வந்தாலும் உடம்பிலும் ஒருமுறை டேப் வைத்துப் பார்ப்பேன். பழைய ப்ளவுஸ் துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருக்கும், அல்லது நீங்கள் மாறியிருப்பீர்கள். இரண்டு தோளையும் தனித்தனியாக அளப்பேன். கையைத் தூக்கச் சொல்வேன், உட்காரச் சொல்வேன். நின்றபடி சரியாக இருக்கும் சுடிதார் பேன்ட் உட்கார்ந்தால் பிடிப்பது அப்போதுதான் தெரியும்.

பருத்தித் துணியையும் லைனிங்கையும் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுகிறேன். லைனிங்கை மட்டும் நனைக்காமல் தைத்தால், முதல் துவைப்பில் அது சுருங்கி மேல்துணியைச் சுருக்கம் சுருக்கமாக இழுத்துவிடும். ஒரு நாள் தாமதமானாலும் இந்த வேலையை விடுவதில்லை. பக்கத் தையலில் இரு புறமும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் துணி உள்ளே விடுவேன். உடம்பு கூடும், குறையும். அதற்காகப் பிடித்த ப்ளவுஸைத் தூக்கிப்போட வேண்டாம், பிரித்துக் கொடுக்கலாம்.

சாதா ப்ளவுஸ், லைனிங் ப்ளவுஸ், சுடிதார், குர்தா, நைட்டி, குழந்தைகளுக்கான கவுன், பள்ளிச் சீருடை தைக்கிறேன். சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஓரம் அடிப்பது, ஜிப் மாற்றுவது, ஆல்டரேஷன் எல்லாம் உண்டு. ஆல்டரேஷன் சின்ன வேலைதானே என்று யாரும் தயங்க வேண்டாம். எனக்குப் பிடித்த வேலையே அதுதான். ஆரி, எம்பிராய்டரி மட்டும் நான் செய்வதில்லை. வேறு இடத்தில் வேலைப்பாடு செய்யப்போகிறீர்கள் என்றால் வெட்டும் முன்பே சொல்லுங்கள், துணியில் அளவைக் குறித்துத் தருகிறேன்.

கடையில் கேட்கக் கூச்சப்படுகிற சில தேவைகள் இருக்கும். பால் கொடுக்க வசதியாக மறைவான ஜிப் வைத்த உடை, கொக்கி மாட்ட விரல் வராத வயதானவர்களுக்கு வெல்க்ரோ வைத்த முன்பக்கத் திறப்பு, மார்பக அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உள்ளே பஞ்சுத் திண்டு வைக்கப் பையுள்ள ப்ளவுஸ். இவற்றையும் தைக்கிறேன். போனில் சொல்லத் தயக்கமாக இருந்தால் கூட்டமில்லாத மதியம் 2 முதல் 4 மணிக்குள் வாருங்கள், நிதானமாகப் பேசலாம்.

காலை 10 முதல் இரவு 7 வரை கடை திறந்திருக்கும், ஞாயிறு விடுமுறை. சாதா ப்ளவுஸுக்கு ஐந்து நாள், லைனிங் வைத்ததற்கு எட்டு நாள் வேண்டும். விசேஷத்துக்கு என்றால் மூன்று வாரம் முன்பே கொடுங்கள், நடுவில் ஒருமுறை போட்டுப் பார்க்க நேரம் கிடைக்கும். வரும்போது அந்த உடைக்குள் வழக்கமாக எந்த உள்ளாடை போடுவீர்களோ அதைப் போட்டு வாருங்கள். அது மாறினால் மார்பளவும் டக் பிடிக்கும் இடமும் மாறிவிடும்.